திருப்பணிப் பணத்தில் சம்பளம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதல் அப்படியே நிற்கும். பலன் மட்டும் செலவாகும், அதுவும் சொன்ன காரியத்துக்கே. இன்றைய கணக்காளர்கள் நிபந்தனை நிதி, மூலதன நிதி என்று சொல்வதும் இதைத்தான்.

ஓர் ஊர்க் கோயில் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் அதனிடம் இருந்தது அன்னதானக் கட்டளைக்கான 10 லட்ச ரூபாய் வைப்புத்தொகை மட்டும். அந்த ஆண்டு உண்டியலும் அர்ச்சனைச் சீட்டும் சேர்ந்து 12 லட்சம் வந்தது. சம்பளம், மின்கட்டணம், பூஜைச் செலவு 14 லட்சம். கோபுரத் திருப்பணிக்கென்று வந்த 20 லட்சத்தில் 6 லட்சம் செலவானது. வைப்புத்தொகைக்கு வட்டி 70,000. அன்னதானச் செலவு 60,000.

எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கூட்டினால் 12 லட்சத்து 10 ஆயிரம் உபரி. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கைதட்டல்கூட விழும்.

நிதிவாரியாகப் பிரித்து எழுதினால் கதை மாறுகிறது. திருப்பணி நிதியில் 14 லட்சம் மீதம். அன்னதானத்தில் 10,000 மீதம், அடுத்த ஆண்டும் அது அன்னதானத்துக்கே. பொது நிதியிலோ 2 லட்சம் பற்றாக்குறை. அப்படியானால் சம்பளம் எங்கிருந்து போனது? கோபுரத்துக்குக் கொடுத்த பணத்திலிருந்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். காரியம் சொல்லிக் கொடுத்த நிதிகளின் இருப்பைக் கூட்டுங்கள்: 10 லட்சம், 14 லட்சம், 10 ஆயிரம்; ஆக 24.10 லட்சம். வங்கி இருப்பும் வைப்புத்தொகையும் சேர்ந்து 22.10 லட்சம்தான். குறைகிற 2 லட்சத்தைப் 'பொது நிதி திருப்பணி நிதிக்குத் தரவேண்டியது' என்று இருப்புநிலைக் குறிப்பில் வெளிப்படையாகக் காட்டவேண்டும். காட்டிவிட்டால் எடுத்தது சரியாகிவிடாது. ஆனால் மறைந்து கிடக்காது.

குழுவே தீர்மானம் போட்டு 'தேர் நிதி' என்று பொதுப் பணத்தை ஒதுக்கி வைப்பது வேறு வகை. அந்தத் தீர்மானத்தைக் குழுவே மாற்றிக்கொள்ளலாம். கொடுத்தவர் வைத்த நிபந்தனையை அப்படி மாற்ற முடியாது. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதும் ஆண்டறிக்கைகள் நிறைய.

வருமான வரியிலும் இந்தப் பிரிவினை உண்டு. மூலதன நன்கொடைக்கு விலக்கு கிடைக்க, அது மூலதனத்துக்கே என்று கொடுத்தவர் குறிப்பாகச் சொல்லியிருக்கவேண்டும். பணத்தையும் சட்டம் அனுமதித்த முதலீடுகளில் தனியாக வைத்திருக்கவேண்டும். எனவே நன்கொடை கொடுக்கும்போது எந்தக் காரியத்துக்கு, முதலைத் தொடலாமா கூடாதா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.