நெப்போலியனின் முடி அணு உலைக்குள் போன கதை

1821 மே 5 அன்று செயின்ட் ஹெலீனா தீவில் நெப்போலியன் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், கோளாறு வயிற்றில்தான் என்று எழுதி வைத்தார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இறந்தவரின் முடியைக் கத்தரித்து நினைவாக வைத்துக்கொள்வது அக்கால ஐரோப்பிய வழக்கம். அந்த முடிகள் பேழைகளிலும் உறைகளிலும் பத்திரமாக இருந்தன.

நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, ஸ்டென் ஃபோர்ஷுஃப்வுத் என்ற ஸ்வீடன் நாட்டுப் பல் மருத்துவர், நெப்போலியனின் பணியாளர் மார்ஷான் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படித்தார். அதில் வரும் நோய்க்குறிகள் அவருக்கு ஆர்சனிக்கை, அதாவது நம் ஊரில் பாஷாணம் என்று சொல்லும் நஞ்சின் மூலப்பொருளை, நினைவுபடுத்தின. உடலுக்குள் போன ஆர்சனிக் முடியில் போய்த் தங்கும். முடியில் உள்ள கந்தகத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். ஆக, முடியைச் சோதித்தால் போதும். சிக்கல் என்னவென்றால், பழைய வேதியியல் முறைகளுக்கு நிறைய முடி வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ சில இழைகள்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஹாமில்டன் ஸ்மித் என்ற தடயவியல் அறிஞர் அப்போதுதான் வேறொரு வழியைக் கையாண்டுகொண்டிருந்தார். முடியை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் நனைத்து எடுப்பது. அதற்கு நியூட்ரான் ஆக்டிவேஷன் பகுப்பாய்வு என்று பெயர். இங்கிலாந்தின் ஹார்வெல் அணு உலையில் முடி வைக்கப்பட்டது. 1961இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: பத்து லட்சம் பங்கு முடியில் 10.38 பங்கு ஆர்சனிக். சாதாரண அளவு 0.8 என்று அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். உலகமே துள்ளிக் குதித்தது.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

இயற்கையில் கிடைக்கும் ஆர்சனிக் அணுக்கள் அத்தனையும் ஒரே ரகம்: ஆர்சனிக்-75. அது கதிரியக்கம் இல்லாதது. அதன் கரு ஒரு நியூட்ரானை விழுங்கினால் ஆர்சனிக்-76 ஆகிவிடும். இது நிலையற்றது, 26.3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சிதையும்போது பல நேரங்களில் 559 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமா கதிரை வீசும். நூறு சிதைவில் சுமார் 45இல் இந்தக் கதிர் வரும். அந்த ஆற்றலும் அந்த அரை ஆயுளும் சேர்ந்து ஆர்சனிக்கின் கைரேகை. எத்தனை கதிர்கள் வருகின்றன என்று எண்ணினால் எத்தனை அணுக்கள் இருந்தன என்று பின்னோக்கிக் கணக்கிடலாம்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிகிராம் முடி என்று வைத்துக்கொள்வோம்; ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஒற்றை இழை அவ்வளவுதான் இருக்கும். பத்து லட்சத்தில் 10 பங்கு என்றால் அதில் ஆர்சனிக் 10 நானோகிராம். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் அணுக் கணக்கில் பார்த்தால்:

N = (10⁻⁸ ÷ 74.9) × 6.022 × 10²³ = 8.04 × 10¹³

அதாவது 80 லட்சம் கோடி அணுக்கள்.

அடுத்து, ஓர் அணு நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு. இதை ஒரு பரப்பளவாகச் சொல்வது வழக்கம். அலகு பார்ன், ஒரு சதுர சென்டிமீட்டரை 10²⁴ கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் களஞ்சியம் என்று பொருள். 1940களில் அமெரிக்க இயற்பியலாளர்கள் சிலர், கருவுக்கு இது களஞ்சியம் அளவுக்குப் பெரிய இலக்கு என்று வேடிக்கையாக வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆர்சனிக்-75க்கு இது ஏறத்தாழ 4.3 பார்ன். உலையில் ஒரு சதுர சென்டிமீட்டரை விநாடிக்கு ஒரு லட்சம் கோடி (10¹²) நியூட்ரான்கள் கடக்கின்றன என்போம். சிறிய ஆராய்ச்சி உலைகளில் இது கிடைக்கக்கூடிய அளவுதான். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை புது ஆர்சனிக்-76 பிறக்கிறது என்று தெரியும்:

φσN = 10¹² × 4.3 × 10⁻²⁴ × 8.04 × 10¹³ ≈ 346

ஆனால் பிறந்தது எல்லாம் தங்குவதில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான் இது. குழாய் ஒரே சீராக ஊற்றுகிறது. மட்டம் ஏற ஏற ஒழுக்கும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் வருவதும் போவதும் சமமாகிவிடும். அதற்கு மேல் எத்தனை நாள் உலையில் வைத்தாலும் பயனில்லை. ஓர் அரை ஆயுள் நேரம் வைத்தால் அந்த உச்சத்தில் பாதி கிடைக்கும். இரண்டு அரை ஆயுள் வைத்தால் முக்கால். சூத்திரம் இதைத்தான் சொல்கிறது:

A = φσN (1 − e^(−0.693 t / T))

24 மணி நேரம் வைத்தால் அடைப்புக்குள் இருப்பது 0.469. எனவே உலையிலிருந்து எடுத்த கணத்தில் கதிரியக்கம் 346 × 0.469 = 162 பெக்கரல், அதாவது விநாடிக்கு 162 சிதைவு. அந்த ஒரு நாள் முழுக்க மாறிய அணுக்கள் சுமார் 3 கோடி. 27 லட்சத்தில் ஒன்று. மற்றவை தம்பாட்டுக்கு இருந்தபடியே இருக்கின்றன.

எடுத்தவுடன் எண்ண உட்காரக் கூடாது. முடியில் வியர்வை உப்பு இருக்கும். அதிலுள்ள சோடியமும் நியூட்ரானை விழுங்கிச் சோடியம்-24 ஆகிப் பெரும் கூச்சல் போடும். அந்தக் கூச்சலில் ஆர்சனிக்கின் சன்னக் குரல் அமுங்கிவிடும். சோடியம்-24இன் அரை ஆயுள் 15 மணி நேரம், ஆர்சனிக்கை விடக் குறைவு. ஆகவே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் சோடியம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், ஆர்சனிக்கில் 28 சதவீதம் மிஞ்சும்: 162 × 0.282 = 45.7 பெக்கரல். இன்னும் காத்திருந்தால் கூச்சல் மேலும் குறையும்; கேட்க வேண்டிய குரலும் மங்கிவிடும். எப்போது எண்ணுவது என்பதில் ஆய்வாளரின் அனுபவம் வெளிப்படும்.

45.7இல் 45 சதவீதம், அதாவது விநாடிக்கு 20.6 காமா கதிர்கள் எல்லாத் திசையிலும் பறக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு இரண்டைத்தான் உணர்கருவி பிடிக்கிறது என்போம். ஒரு மணி நேரம் எண்ணினால் 20.6 × 0.02 × 3600 ≈ 1,480 எண்ணிக்கை. இதன் வர்க்கமூலம் 38. எண்ணிக்கையில் இயல்பாக வரும் தடுமாற்றம் அவ்வளவு, சுமார் 2.6 சதவீதம். பத்து நானோகிராமுக்கு இது கெட்டியான எண்.

இந்தக் கணக்கைத் திட்டமிடத்தான் பயன்படுத்துவார்கள்; அறிக்கையில் எழுத இதை நம்புவதில்லை. நாம் நிதானமாகத் திரியும் வெப்ப நியூட்ரான்களை மட்டும் எண்ணினோம். உலையில் வேகம் கூடிய நியூட்ரான்களும் உண்டு. ஆர்சனிக் அவற்றையும் ஆவலாகப் பிடிக்கக்கூடியது. அவை வெப்ப நியூட்ரான்களில் முப்பதில் ஒரு பங்கு இருந்தாலே விளையும் கதிரியக்கம் கிட்டத்தட்ட பாதியளவு கூடிவிடும். இதைச் சமாளிக்க எளிய வழி, ஆர்சனிக் எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்த இன்னொரு மாதிரியை அதே உறையில், அதே நேரத்துக்கு, பக்கத்திலேயே வைப்பது. இரண்டையும் ஒரே மாதிரி எண்ணி வகுத்தால் நியூட்ரான் அளவு, பார்ன், உணர்கருவியின் திறன் எல்லாம் மேலும் கீழும் அடிபட்டுப் போகும். தராசில் படிக்கல் வைப்பது போலத்தான்.

தவறு நுழைய இன்னொரு வாசலும் இருக்கிறது. ஆர்சனிக்கின் 559க்கு இந்தப் பக்கம் 554இல் புரோமின்-82, அந்தப் பக்கம் 564இல் ஆன்டிமனி-122. மூன்றும் முடியில் இருக்கக்கூடியவை. பழைய சோடியம் அயோடைடு உணர்கருவிக்கு இவை மூன்றும் ஒரே மேடாகத் தெரியும். இன்றைய ஜெர்மேனியம் உணர்கருவியின் திரையில் மூன்று மெல்லிய ஊசிகளாகத் தனித்தனியே நிற்கும். அப்போதும் ஐயம் தீரவில்லை என்றால் 26 மணி நேரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். சரியாகப் பாதியாகியிருந்தால் ஆர்சனிக். பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் 35 மணி நேர அரை ஆயுளுள்ள புரோமின் உள்ளே கலந்திருக்கக்கூடும்.

ஸ்மித்தின் காலத்தில் ஜெர்மேனியம் கருவி கிடையாது. அவர் வேதியியலால் பிரித்தார். முடியை அமிலத்தில் கரைத்து, அதில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சாதாரண ஆர்சனிக்கை வேண்டுமென்றே சேர்த்தார். ஆர்சனிக்கைத் தேடுபவர் ஆர்சனிக்கையே சேர்ப்பதா என்று கேட்கத் தோன்றும். உலையிலிருந்து வந்தபின் சேர்த்தது கதிரியக்கம் அற்றது. அளவியைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம். நானோகிராம் அணுக்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டித் தொலைந்துபோகாமல் கூட்டத்தோடு கூட்டமாகத் தூக்கிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. அமிலத்திலேயே ஆர்சனிக் மாசு இருந்தாலும் கவலையில்லை. எனக்கு இந்த முறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். உலைக்கு முன்னால் மட்டும் மடி ஆசாரம்; பிளாஸ்டிக் சாமணம், அசிட்டோனில் கழுவிய முடி, விரல் படாத குப்பி.

நம் பக்கத்தில் கல்பாக்கத்தில் உள்ள காமினி உலையிலும் இந்தப் பகுப்பாய்வு நடந்திருக்கிறது. 30 கிலோவாட்தான், யுரேனியம்-233இல் ஓடுவது.

இனி நெப்போலியனுக்கு வருவோம். 10.38 என்ற எண்ணில் குறையில்லை. ஆனால் காமா கதிர், ஆர்சனிக் அணு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அது சாப்பாட்டு வழியே வந்ததா, மருந்து வழியே வந்ததா, சுவர்த்தாளின் பச்சைச் சாயத்திலிருந்து வந்ததா என்று சொல்லாது. வெளியிலிருந்து படிந்த ஆர்சனிக்கும் முடியின் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. செயின்ட் ஹெலீனாவில் அவர் இருந்த லாங்வுட் வீட்டுச் சுவர்த்தாள் துண்டு ஒன்றில் ஆர்சனிக் கலந்த பச்சைச் சாயம் இருப்பது 1980களில் தெரியவந்தது.

எண்ணைவிடப் பெரிய ஓட்டை ஒப்பீட்டில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டு மனிதரின் முடியைச் சாதாரணம் என்று வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியை அளந்தார்கள். 2008இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் இதைச் சரிசெய்தார்கள். பல அருங்காட்சியகங்களிலிருந்து முடி வாங்கி, பாவியா நகரின் சிறிய ஆராய்ச்சி உலையில் வைத்தார்கள். நெப்போலியன் கோர்சிகாவில் சிறுவனாக இருந்தபோது எடுத்தது, எல்பாவில் எடுத்தது, இறந்த அன்றும் மறுநாளும் எடுத்தது. கூடவே ஜோசஃபினுடையது, அவர் மகனுடையது, இன்று வாழும் பத்துப் பேருடையது. இன்றைய முடியைவிடப் பழைய முடிகள் எல்லாவற்றிலும் ஆர்சனிக் நூறு மடங்கு அளவில் கூடுதல். சிறுவன் நெப்போலியனுக்கும் சாகும் நெப்போலியனுக்கும் இடையே குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. கோர்சிகாவில் விளையாடித் திரிந்த அந்தப் பையனுக்கு விஷம் வைக்க அப்போது இங்கிலாந்துக்கு எந்தக் காரணமும் இருந்திருக்காது.