சிறிய முகத்தைத் திருத்தும் மூன்று அமைப்புகள்

ஸ்டேபிள் டிஃப்யூஷன் மென்பொருளில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றி வரைய, அந்த இடத்தின் மேல் தூரிகையால் மாஸ்க் பூச வேண்டும். 1024 பிக்சல் அகலமுள்ள கூட்டப் படத்தில், 64 பிக்சலே உள்ள ஒரு முகம் சிதைந்திருப்பதாகக் கொள்வோம். Whole picture முறையில் முழுப் படமும் செயலாக்கப்படும். மாடல் 8 பிக்சலுக்கு ஒரு கட்டம் என்று சுருக்கியே வேலை செய்வதால், அந்த முகத்துக்குப் பக்கத்துக்கு 8 கட்டங்களே கிடைக்கும். கண்ணும் வாயும் மீண்டும் குழம்பும்.

Only masked முறை அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, பெரிதாக்கி வரைந்து, சுருக்கி ஒட்டுகிறது. எவ்வளவு வெட்டுவது என்பதை Only masked padding தீர்மானிக்கிறது. அது 32 என்றால், இருபுறமும் சேர்த்து 128 பிக்சல் சதுரம் 512 ஆகப் பெரிதாகும். முகம் 256 பிக்சலில் வரையப்படும். 96 என்றால் முகத்துக்கு 128 பிக்சலே மிஞ்சும், ஆனால் கழுத்தும் தோளும் ஒளியும் மாடலுக்குத் தெரியும். மிகக் குறைத்தால் தலை தவறான கோணத்தில் திரும்பும். இம்முறையில் பிராம்ப்ட் முகத்தை மட்டுமே விவரிக்க வேண்டும்; கூட்டம் என்று எழுதினால் முகத்துக்குள் ஒரு கூட்டமே முளைக்கக்கூடும்.

Mask blur மாஸ்க்கின் விளிம்பை மங்கலாக்கிப் புதியதையும் பழையதையும் கலக்கிறது. 0 வைத்தால் வெட்டுக்கோடு தெரியும். சிறிய மாஸ்க்கில் மிக அதிகமாக வைத்தால் நடுப்பகுதியும் வலுவிழந்து, பழைய சிதைந்த முகம் அடியிலிருந்து தெரியும். இந்த முகத்துக்கு இயல்பு மதிப்பான 4 பெரும்பாலும் போதும்.