நீண்ட ஓட்டமா? இடுப்புப் பையில் வாழைப்பழம் இருக்கட்டும்!

தேனியிலிருந்து வீரபாண்டி வழியாகச் சின்னமனூர் வரை ஓடினால் 20 கிலோமீட்டருக்கு மேல். நிதானமாக ஓடுபவருக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கும். "ஒரு வாய் காபி போதும்" என்று கிளம்புகிறவர்கள் பலர் கடைசியில் துவண்டு போவது ஏன்?

சாப்பிடும் மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடினால் இந்தக் கையிருப்பு குறைந்துகொண்டே வரும். மூச்சு சீராக இருந்தும் கால் கனக்கும், தலை கிறுகிறுக்கும்.

60 கிலோ எடையுள்ளவர் ஓடுவதற்கு 2 மணி நேரம் முன்பு 90 கிராம் மாவுச்சத்து எடுக்கலாம். 5 சிறிய இட்லி, ஒரு வாழைப்பழம், 3 டீஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. கணக்கு சரியாப் போச்சு! எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வயிற்றிலேயே தங்கிவிடும்.

ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் தேவை. ஒரு லிட்டர் தண்ணீரில் 12 டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு கலந்து, மணிக்கு அரை லிட்டர் வீதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கூடவே மணிக்கு ஒரு வாழைப்பழம். களைப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் அரை மணியிலேயே ஆரம்பியுங்கள்.

கம்பம் திராட்சைச் சாறு குடிக்கலாமா? தாராளமாக, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து. அப்படியே குடித்தால் அதிக இனிப்பு வயிற்றைக் கலக்கும்.

எதையும் பயிற்சி நாளில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போங்கள். சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.