பேக்கப் இருக்கிறது, தளம் எழுந்து வருமா?

2017 ஜனவரி 31, இரவு. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், பின்தங்கிப்போன துணை டேட்டாபேஸ் சர்வரை ஒரு பொறியாளர் சரிசெய்துகொண்டிருந்தார். அதில் கிடந்த பழைய கோப்புறையை அழித்துவிட்டு, முதன்மை சர்வரிலிருந்து புதிதாக நகல் எடுக்க நினைத்தார். அழிக்கும் கட்டளையைக் கொடுத்த ஓரிரு நொடிகளில்தான், முதன்மை சர்வரிலேயே அதைத் தட்டிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. உடனே நிறுத்தியும், சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். அதற்காகத்தானே பேக்கப்? அங்கே ஒன்றுக்கு நான்கைந்து வழிகளில் பேக்கப் ஏற்பாடு செய்திருந்தார்கள். தினமும் டேட்டாபேஸ் முழுவதையும் அமேசானின் சேமிப்பகத்துக்கு அனுப்பும் வேலை ஒன்று. அங்கே போய்ப் பார்த்தால் ஒரு கோப்புகூட இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்புக்கு மாறியிருக்க, நகல் எடுக்கும் `pg_dump` மட்டும் 9.2 பதிப்பிலேயே ஓடி, ஒவ்வொரு நாளும் பிழை காட்டி நின்றிருக்கிறது. அந்தப் பிழையைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் வந்து சேரவில்லை. முறையான கையொப்பம் இல்லாததால் அஞ்சல் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. வட்டு முழுவதையும் படம்பிடித்து வைக்கும் வசதி வேறு சர்வர்களுக்கு இயக்கப்பட்டிருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இல்லை.

அவர்களைக் காப்பாற்றியது தற்செயல். விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல் சோதனை சர்வரில் இருந்தது. அந்த சர்வரின் வட்டுகள் மெதுவானவை என்பதால் அதைக் கொண்டுவந்து சேர்க்கவே மணிக்கணக்கில் ஆனது. மறுநாள் மாலைதான் தளம் எழுந்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்களும் 700 புதிய பயனர் கணக்குகளும் போனது போனதுதான். நடந்ததை அந்த நிறுவனம் ஒளிக்காமல் முழுவதுமாக எழுதி வெளியிட்டதால்தான் இத்தனையும் நமக்குத் தெரிகிறது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஒரு புத்தகக் கடையின் சிறிய வேர்ட்பிரஸ் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, இதே கதை சின்ன அளவில் நடந்தது. இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸை நகலெடுத்துச் சுருக்கி வைக்கும் வேலை தினமும் ஓடும். கடைசி 14 நாள் நகல்களை வைத்துக்கொண்டு, அதற்கு முந்தையதைத் தானே அழித்துவிடும். ஒருநாள் பட்டியலைத் திறந்தேன். தேதிவாரியாக எல்லாக் கோப்புகளும் வரிசையாக இருந்தன. ஆனால் கடைசி ஒன்பதும் சரியாக 20 பைட்.

காரணம் எளியது. ஒன்பது நாள் முன்பு டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன், பேக்கப் வேலையில் மாற்ற மறந்துவிட்டேன். `mysqldump` உள்ளே நுழைய முடியாமல் வெறுங்கையோடு திரும்பியது. அதன் பின்னால் இருந்த `gzip`, வந்த வெறுமையைச் சுருக்கி 20 பைட் கோப்பாக்கி, 'வேலை முடிந்தது' என்று சொல்லிவிட்டது. இப்படித் தொடராக ஓடும் கட்டளைகளில் கடைசியாக இருப்பதன் பதிலைத்தான் சர்வர் எடுத்துக்கொள்ளும். இன்னும் ஐந்து நாள் கழித்துப் பார்த்திருந்தால், நல்ல நகல்கள் எல்லாமே அழிந்திருக்கும். இப்போது அந்த வேலையின் தலையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:

```
set -eo pipefail
mysqldump --single-transaction bookshop | gzip > db.sql.gz
zcat db.sql.gz | tail -n 1
```

முதல் வரி இருந்தால், நடுவில் ஒன்று தோற்றாலும் முழு வேலையும் தோற்றதாகவே கணக்கு. மூன்றாவது வரி நகலின் கடைசி வரியைக் காட்டும். வழக்கமான அமைப்பில் அது `-- Dump completed on` என்று தொடங்கித் தேதியோடு முடியும். அது இல்லையென்றால் நகல் பாதியில் அறுந்திருக்கிறது. `gzip -t` என்று கோப்பைச் சோதித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அந்த 20 பைட் கோப்பும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

இதுவும் பாதி வேலைதான். நகலிலிருந்து தளம் எழுமா என்பதை எழுப்பிப் பார்த்துத்தான் அறிய முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிக்கணக்கில் வாடகை தரும் புதிய சர்வர் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: பழைய சர்வர் எரிந்துபோய்விட்டது, அதை எதற்காகவும் தொடக்கூடாது.

பத்தாவது நிமிடத்திலேயே முட்டிக்கொண்டேன். வெளியூர்ச் சேமிப்பகத்துக்குப் போகும் நகல்களைப் பாதுகாப்புக்காகப் பூட்டித்தான் அனுப்புகிறேன். பூட்டைத் திறக்கும் சாவி எங்கே? 'எரிந்துபோன' பழைய சர்வரில் மட்டும். நிஜமாக எரிந்திருந்தால், கையில் அத்தனை நகல் இருந்தும் ஒன்றைக்கூடத் திறந்திருக்க முடியாது. விதியை மீறிச் சாவியை எடுத்து, இரண்டு வேறு இடங்களில் பத்திரப்படுத்திவிட்டுத் தொடர்ந்தேன்.

புத்தக அட்டைப் படங்கள் மட்டும் 22 ஜிபி. வினாடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் அவை வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. டேட்டாபேஸை ஏற்ற 25 நிமிடம். பிறகு என் மடிக்கணினியின் `hosts` கோப்பில் மட்டும் தளத்தின் பெயருக்கு எதிரே புதிய சர்வரின் முகவரியை எழுதினேன். வாடிக்கையாளர்கள் வழக்கம்போலப் பழைய தளத்தில் வாங்கிக்கொண்டிருக்க, என் திரையில் மட்டும் புதியது திறக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மீட்டெடுத்த தளம் தன்னை நிஜத் தளமென்றே நினைத்துக்கொள்ளும். நிலுவையில் இருக்கும் நினைவூட்டல் மின்னஞ்சல்களை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத் தொடங்கும். அதனால் அதைத் திறப்பதற்கு முன்பே, அஞ்சல் சேவையின் கடவுச்சொல்லையும் பணம் வசூலிக்கும் சாவிகளையும் புதிய சர்வரில் அழித்துவிட வேண்டும்.

முகப்புப் பக்கம் வந்தது. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது, ஏனென்றால் முகப்பு பழையதாகவும் இருக்கலாம். கடைசி ஆர்டரைத் தேடினேன். சனி இரவு 11.40க்கு ஒருவர் மூன்று புத்தகம் வாங்கியிருந்தார். என் அஞ்சல் பெட்டியில் இருந்த பணரசீதோடு எண்ணும் தொகையும் பொருந்தின. இரவு இரண்டு மணி நகலில் இருக்க வேண்டியது இருக்கிறது. பிறகு நிர்வாகியாக உள்ளே நுழைந்து, ஒரு பழைய புத்தகத்தின் அட்டைப் படத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் 'பாரதி' என்று தட்டினேன். விடையில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வரவில்லை. எழுத்துக் குறியீடு தவறாக ஏற்றப்பட்டால் முதலில் சிதைவது தமிழ்தான், ஆங்கிலப் பக்கங்களை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

தொடங்கியதிலிருந்து முடிக்க மூன்று மணி பத்து நிமிடம். அதைத் தாளில் எழுதி, கடைக்காரரிடம் கொடுத்தேன். சர்வர் விழுந்தால் மூன்றேகால் மணி நேரம் கடை மூடியிருக்கும், அதிகபட்சம் ஒரு நாள் ஆர்டர்கள் போகும் என்று சொன்னேன். "ஒரு நாள் ஆர்டரா? அது ஆகாது சார்" என்றார். இப்போது டேட்டாபேஸ் மணிக்கொரு முறை நகலாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சாவி எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி ஒவ்வொரு படியையும் எழுதிய தாளை வைத்துக்கொண்டு, நான் இல்லாமல் கடைப் பையன் ஒருவரே தளத்தை எழுப்பிப் பார்க்கிறார். போன முறை அவருக்கு இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆனது.

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ ஒரு தளம் இருந்தால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். கடைசியாக எந்தத் தேதியில் அதை வேறொரு சர்வரில் எழுப்பிப் பார்த்தார், எத்தனை மணி நேரம் ஆனது என்று கேளுங்கள்.