நத்தையின் மேல் ஒரு சட்ட அமைச்சர்

கோலார் தங்கவயலில் வளரும் தமிழ்ச் சிறுவர்க்கு அம்பேத்கரின் சிலை புதிதன்று. நீல நிறக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, முன்னோக்கி நீட்டிய கை, மற்றொரு கையில் அணைத்துப் பிடித்த அரசமைப்புச் சட்ட நூல் ஆகியவற்றைக் கொண்டு, அது எவருடைய சிலை என்பதைத் தொலைவிலிருந்தே சொல்லிவிடலாம். அதே மனிதரையும் அதே சட்டத்தையும் முற்றிலும் வேறுவிதமாகக் காட்டும் படம் ஒன்று உண்டு. அதில் அம்பேத்கர் ஒரு நத்தையின் மேல் அமர்ந்திருக்கிறார்.

அப்படத்தை வரைந்தவர் சங்கர் என்று அறியப்பட்ட கே. சங்கர் பிள்ளை. கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்து, தில்லியில் புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியர் அவர். 1949 ஆகஸ்டு 28 அன்று அப்படம் வெளிவந்தது. நத்தையின் மேல் 'அரசமைப்பு' என ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதன்மீது அமர்ந்துள்ள சட்ட அமைச்சர் அம்பேத்கரின் கையில் ஒரு சாட்டை. அவருக்குப் பின்னே நிற்கும் பிரதமர் நேருவின் கையிலும் ஒரு சாட்டை. மக்கள் கூட்டம் இவற்றை வேடிக்கை பார்த்து நிற்கிறது.

மனிதரைச் சுமக்கும் நத்தை உலகில் இல்லை. ஆகவே, இப்படம் நடந்த நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்யவில்லை என்பது தெளிவு. ஆனால் அதனாலேயே இதை வரலாற்றுச் சான்று அன்று எனத் தள்ளிவிடலாகாது. கேலிச்சித்திரத்தைப் படிப்பவர் முதலில் காணவேண்டியது, ஓவியர் எதனை அளவுக்கு மீறிப் பெரிதாக்கியுள்ளார் என்பதையே. அவர் சொல்லவரும் குற்றச்சாட்டு அங்கேதான் இருக்கும். இங்கே பெரிதாக்கப்பட்டது மந்தவேகம். ஆங்கிலத்தில் மிக மெதுவாக நடக்கும் வேலையை நத்தையின் வேகம் என்பர். தமிழர் நாவில் பழகியது ஆமை வேகமே. தமிழ் இதழ் ஒன்றிற்காக வரைந்திருந்தால், சங்கர் ஒருவேளை ஆமையைத் தேர்ந்திருப்பார். படத்திற்கு மொழியில்லை என்று சொல்வதுண்டு. அஃது அவ்வளவு சரியன்று.

பெரிதாக்கியதைக் கண்டபின், விட்டுவிட்டதைத் தேடவேண்டும். அரசமைப்பை எழுதும் வரைவுக் குழுவில் ஏழு உறுப்பினர் இருந்தனர். படத்தில் நத்தையின் மேல் இருப்பவரோ ஒருவர். மற்ற அறுவர் எங்கே என்னும் வினாவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அது பின்னர் பயன்படும்.

அடுத்தது நாள். கேலிச்சித்திரம் அன்றைய செய்தியை அறிந்திருந்த வாசகர்க்காக வரையப்படுவது. அன்று எல்லாரும் அறிந்திருந்ததை ஓவியர் விளக்கமாட்டார். பின்னாளில் படிப்பவரே அதைத் தேடிப் பெறவேண்டும். அரசமைப்பு நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியது 1946 டிசம்பர் 9ஆம் நாள். வரைவுக் குழு அமைக்கப்பட்டது 1947 ஆகஸ்டு 29ஆம் நாள். அதன்படி, படம் வெளிவந்த மறுநாள் வரைவுக் குழுவுக்கு இரண்டு ஆண்டுகள் நிறைவுற்றன. விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள் கடந்தும் நாட்டிற்குத் தனக்கென ஒரு சட்டம் இல்லை. இந்தச் சூழலை அறிந்தால்தான் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் பொருளும் விளங்கும். அது காத்திருந்த நாட்டு மக்களைக் குறிப்பது.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் இதே படம் வேறொரு பொருளைப் பெற்றது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் அது சேர்க்கப்பட்டிருந்தது. மத்தியப் பள்ளிகளில் பயிலப்படும் அந்நூலின் பக்கம் 2012ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் பெரும் புயலைக் கிளப்பியது. மக்களவையில் இதனை எழுப்பியவர்களுள் சிதம்பரம் தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவனும் ஒருவர். அம்பேத்கரைப் பின்னாலிருந்து ஒருவர் சாட்டையால் அடிக்க ஓங்குவதுபோல் படம் உள்ளது என்பது அவர்களின் கண்டனம். அரசு அப்படத்தை நீக்குவதாக அறிவித்தது. நூலின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பதவி விலகினர்.

1949இன் வாசகர் அப்படத்தில் கண்டது, நாள்தோறும் செய்தித்தாளில் வரும் அமைச்சர் ஒருவரை. 2012இன் வாசகர் பலர் கண்டது, ஊர்தோறும் சிலையாய் நிற்கும் தலைவரை. தீண்டாமையின் கொடுமையைத் தம் முன்னோர் வழியாக அறிந்த குடும்பங்களுக்கு, ஓங்கிய சாட்டை வெறும் விரைவுக் குறியாகத் தோன்றாதது இயல்பே. கோடுகள் மாறவில்லை, பார்ப்பவரிடம் இருந்த நினைவுகள் மாறியிருந்தன. அந்தக் கோபமும் ஒரு வரலாற்றுச் சான்றுதான். ஆனால் அது 2012ஐப் பற்றியது. 1949ஐப் பற்றியதாக அதனைக் கொள்ளுதல் பிழையாகும்.

நேருவின் சாட்டை யாரை நோக்கியது? நத்தையையா, அதன்மேல் இருப்பவரையா? படத்தை மட்டும் நோக்கி இதனை முடிவு செய்ய இயலாது. எனினும், சண்டையிட்ட பலரும் கவனியாத ஒன்று அங்கே உண்டு. அம்பேத்கரும் சாட்டை வைத்திருக்கிறார். இருவரும் ஒரே நத்தையை விரைவுபடுத்த முயல்கின்றனர் எனப் படிக்க அது இடம் தருகிறது. அடிபடுபவராக மட்டும் அவரைக் காட்ட ஓவியர் எண்ணியிருந்தால், அவர் கையில் சாட்டையைத் தந்திருக்க வேண்டியதில்லை.

இனி, குற்றச்சாட்டு உண்மையா என்பது. இதற்குப் படம் விடை தராது. நிர்ணய சபையின் விவாதக் குறிப்புகளையே நாடவேண்டும். அவற்றில் 1948 நவம்பர் 5ஆம் நாள் பேசிய டி. டி. கிருஷ்ணமாச்சாரி, அந்த ஏழு உறுப்பினரின் நிலையை விவரித்திருக்கிறார். ஒருவர் விலகினார், அவரிடத்தில் வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்தார். ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். இன்னொருவர் சமஸ்தான வேலைகளில் மூழ்கியிருந்தார். ஓரிருவர் தில்லிக்குத் தொலைவில் இருந்தனர். முடிவில் சுமை முழுவதும் அம்பேத்கரின் தலையில் விழுந்தது என்றார் அவர். நத்தையின் மேல் ஒருவரே இருந்ததற்கான காரணம் இதில் கிடைக்கிறது. சங்கர் கேலியாக வரைந்த தனிமை, ஓரளவு உண்மையாகவே இருந்தது.

மந்தவேகம் என்னும் பேச்சும் சங்கரின் கற்பனையன்று. சபை உறுப்பினர் நசிருதீன் அகமது, வரைவுக் குழுவைக் குறிக்கும் 'டிராஃப்டிங்' என்னும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி 'டிரிஃப்டிங்' குழு என்று எள்ளினார். போக்கின்றி நீரில் மிதந்து செல்லும் குழு என்பது அதன் பொருள். ஆக, இக்கேலிச்சித்திரம் எதற்கு உறுதியான சான்று என்றால், அன்று அத்தகைய முணுமுணுப்பு இருந்தது என்பதற்கே.

அந்த முணுமுணுப்புக்கு அம்பேத்கர் தாமே விடை கூறினார். படம் வந்து மூன்று மாதம்கூட ஆகாத 1949 நவம்பர் 25ஆம் நாள், சட்டம் ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள், அவர் சபையில் கணக்கை எடுத்து வைத்தார். சபை எடுத்துக்கொண்டது 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள். அமெரிக்கா நான்கு மாதத்தில் முடித்தது. ஆஸ்திரேலியாவுக்கோ ஒன்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்கச் சட்டத்தில் இருந்தவை ஏழு பிரிவுகள். இந்தியச் சட்டத்தில் 395. அதற்கும் மேலாக 7,635 திருத்தங்கள் முன்மொழியப்பட்டு, அவற்றுள் 2,473 திருத்தங்கள் சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. நத்தையின் முதுகில் இருந்த பாரம் எவ்வளவு என்பதைச் சங்கர் வரையவில்லை. அதன்மேல் அமர்ந்திருந்தவர் எண்ணிக் காட்டினார்.