உஷார்! வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறதா? டிவியைத் திறக்க விடாதீர்கள்!

ராத்திரிக் காட்சி ஓடுகிறது. வானம் ஒரே சீராக இருட்ட வேண்டிய இடத்தில் வளையம் வளையமாக, பட்டை பட்டையாகத் தெரிகிறது. சில பட்டைகளில் பச்சை, சிலவற்றில் ஊதா.

உடனே பயந்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம், உடனே ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்!

பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர். பெயர் வேண்டாம். கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு 55 அங்குல 4கே டிவி வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டில் ஃபைபர் இல்லை. சிம் கார்டு போட்ட ரூட்டர்தான். ஒரு சனிக்கிழமை இரவு குடும்பமாக உட்கார்ந்து ‘கைதி’ போட்டார்கள். 2019இல் வந்த அந்தப் படத்தின் கதை ஒரே இரவில் முடிந்துவிடும். இருட்டில் லாரி போகும், முன்விளக்கு வெளிச்சம் தூசியில் மெல்ல மெல்லக் கரையும். அந்தக் கரையும் இடமெல்லாம் இவர்கள் டிவியில் பட்டையாகப் பிளந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி வந்து ரிமோட்டை வாங்கினார். வெளிச்சத்தை ஏற்றினார், பட முறையை Vivid ஆக்கினார். பட்டை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் வந்த பழுது பார்ப்பவர், “பேனல் போச்சும்மா” என்றார். 300 ரிங்கிட் முன்பணம் வாங்கிக்கொண்டு பின்மூடியைக் கழற்றினார். உத்தரவாத முத்திரை கிழிந்தது. மூடியை மாட்டிப் படத்தைப் போட்டால், அதே பட்டை!

பேனலுக்கு ஒன்றுமே இல்லை. பட்டை இணையம் வழியாகப் படத்தோடு சேர்ந்து வந்தது.

எப்படி என்று கொஞ்சம் கேளுங்கள். 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்ச நிலைகள்தாம் உண்டு. வீடியோவில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடிகிறது. இரவு வானம் அதில் 20க்கும் 30க்கும் நடுவிலேயே முடங்கிவிடும். அதாவது பத்தே படிகள். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செண்டிமீட்டர். வானம் அந்த முழு அகலத்துக்கும் விரிந்தால் ஒரு படிக்குப் பன்னிரண்டு செண்டிமீட்டர் அகலம்! அவ்வளவு பெரிய பட்டையின் ஓரம் கண்ணில் படாமல் எப்படி இருக்கும்? 10 பிட் படத்தில் அதே வானத்துக்கு நாற்பது படிகள். பட்டை மூன்று செண்டிமீட்டர்தான், ஓரத்தில் தெரியும் வித்தியாசமும் நான்கில் ஒரு பங்குதான்.

8 பிட்டிலும் இதை மறைக்க ஒரு வழி இருக்கிறது. படத்தில் பொடிப்பொடியாக ஒரு மணல்தன்மை இருந்தால் இரண்டு படிகளின் எல்லை கலங்கிப்போகும், கண் ஏமாந்துவிடும். ஆனால் ஒளிபரப்புச் சேவைகள் படத்தை அமுக்கும்போது முதலில் பலியாவது அந்த மணல்தான். இருட்டில் கிடக்கும் மெல்லிய வேறுபாட்டை யாரும் பார்க்கப்போவதில்லை என்று நினைத்து, அமுக்கும் நிரல் அதைத் துடைத்துவிட்டுப் பெரிய பெரிய சதுரங்களாகத் தட்டையாக்குகிறது. பத்துப் படி ஐந்தாகச் சுருங்கினாலும் ஆச்சரியம் இல்லை. இணையம் மெதுவானால் சேவை தானாகவே இன்னும் அதிகமாக அமுக்கும். ஊரே இணையத்தில் இருக்கும் இரவு ஒன்பது மணிக்கு வானம் கிழிந்து, காலையில் அதே காட்சி நன்றாக இருப்பது இதனால்தான்.

இது ஏழை வீட்டு டிவிக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் அத்தியாயம் வந்தபோது உலகமே “ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது” என்று கத்தியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், படத்தை அமுக்கி அனுப்பியதையும் சொன்னார், வீட்டு டிவி அமைப்புகள் சரியில்லாததையும் சொன்னார். ரசிகர்கள் அவர்மேல் கோபப்பட்டார்கள். எனக்கென்னவோ அவர் சொன்ன இரண்டுமே சரி என்றுதான் படுகிறது. 2021இல் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் இந்தப் பட்டைகளை மட்டும் அளக்க CAMBI என்று தனி அளவுகோலே உருவாக்கினார்கள். அதுவரை படத் தரத்தை அளக்க அவர்களிடம் இருந்த கருவி பட்டைகளைச் சரியாகப் பிடிக்கவில்லை.

சரி, உங்கள் வீட்டில் குற்றவாளி யார்? கண்டுபிடிக்கக் காசு வேண்டாம்.

காட்சி நகரும்போது பட்டையைப் பாருங்கள். பட்டையும் வானத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது படத்தில் இருக்கிறது. படம் மாறியும் பட்டை அதே இடத்தில் கோடாக நின்றால், எந்தச் சேனல் போட்டாலும் அங்கேயே இருந்தால், அது பேனல். அப்போதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

இன்னொரு சோதனை. கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சீராக மாறும் ஒரு படத்தைப் பென்டிரைவில் போட்டு டிவியில் காட்டுங்கள். (வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், அதுவும் அமுக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.) இந்தப் படம் வழவழப்பாகத் தெரிந்து சினிமாவில் மட்டும் பட்டை வந்தால், டிவி நிரபராதி. Vivid முறையில் படி படியாகவும், Movie அல்லது Filmmaker முறையில் சீராகவும் தெரிந்தால் குற்றம் அமைப்பில். எந்த முறையிலும் பெரிய பட்டைகள் வந்தால் டிவியின் கோளாறாகவே இருக்கலாம்.

அமைப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதற்கும் உஷார்! Vivid முறையும், காட்சிக்குக் காட்சி மாறுபாட்டைக் கூட்டும் Dynamic Contrast-உம் ஒரு படியின் வித்தியாசத்தை இரண்டு, மூன்றாக இழுத்து நீட்டுகின்றன. அவற்றை நிறுத்தினால் பட்டை மங்கும். அவ்வளவுதான். Smooth Gradation என்று சில டிவிகளில் இருப்பது ஓரங்களைக் கலக்கி மறைக்கும். அதை Low-வில் வைத்தால் போதும், ஏற்றினால் முகத்தின் தோல், சுவரின் சொரசொரப்பு எல்லாம் மெழுகிவிடும். வழியிலேயே தொலைந்த படிகளை எந்தப் பொத்தானும் திரும்பக் கொண்டுவராது.

இணையத்தில் வரும் பட ஓட்டத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். அந்த அம்மா வீட்டில் டேட்டா மிச்சம் பிடிக்க யாரோ நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் Playback settings பகுதியில் Low என்று வைத்திருந்தார்கள். அது மணிக்குச் சுமார் 0.3 ஜிபி. 4கே ஓட்டத்துக்கு 7 ஜிபி வரை போகும். வித்தியாசத்தைப் பாருங்கள்! 4கேயும் HDR-உம் அங்கே Premium திட்டத்தில்தான் கிடைக்கும். Basic திட்டம் 720p-யோடு நின்றுவிடும். சிம் ரூட்டர்காரர்கள் High வைத்தால் மாத டேட்டா சில படங்களிலேயே தீர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முடிந்தால் படத்தைக் கூட்டம் இல்லாத நேரத்தில் பாருங்கள்.

சோதனையில் பேனல்தான் என்று உறுதியானால் வெளியாளைத் தொட விடாதீர்கள். நிற்கும் பட்டையைப் படம் பிடியுங்கள், ரசீதைத் தேடி எடுங்கள், உத்தரவாதக் காலத்துக்குள் விற்ற கடைக்குப் போங்கள். கடை கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.