பால்மரம் ஒன்று, கூலி இரண்டு

கிள்ளானிலிருந்து தெற்கே பந்திங் போகும் வழியில் தெலுக் பங்லிமா காராங் வருகிறது. அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் போட்ட எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற துரையின் பெயர் அந்தத் தீவுக்கு நிலைத்துவிட்டது. இன்று அதன் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் செம்பனைத் தோட்டம். இப்படிப்பட்ட இடத்தில் கூலியை யார் தீர்மானிக்கிறார்கள்? சந்தை என்று பாடநூல் சொல்லும். ஆனால் வேலை கொடுப்பவர் ஒருவராகவோ, ஒருவரைப் போலச் சேர்ந்து நடப்பவர்களாகவோ இருந்தால் கணக்கே வேறு. அந்தக் கணக்கை இதே கிள்ளான் வட்டாரத்துத் தமிழர்கள் 1941-ல் தங்கள் உடம்பில் அனுபவித்தார்கள்.

அன்று ரப்பர் தோட்டங்கள் பல கம்பெனிகளின் கையில் இருந்தன. பெயருக்குப் பல முதலாளிகள். ஆனால் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி விஷயத்தில் அவர்கள் ஒரே முதலாளிதான். 1934-ல் உருவான மலாயா ஐக்கியத் தோட்டக்காரர் சங்கத்தில் கூடிப் பேசி, ஒரே கூலியில் நின்றார்கள். சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு யாரும் தோட்டத்தை விட்டுப் போகலாம். போய் என்ன பயன்? அடுத்த தோட்டத்திலும் அதே கூலி. போனால் லயத்து வீடும் போய்விடும்.

1938-ல் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலியை 45 காசாகக் குறைத்தார்கள். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அதே ஆண்டு ஜூனில் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தது. தமிழகத்திலிருந்து புதிய ஆள் வரவு நின்றது. அடுத்த ஆண்டு போர் மூண்டது, ரப்பருக்குத் தேவை பெருகியது. சரக்குக்குக் கிராக்கி, ஆளுக்குத் தட்டுப்பாடு. போட்டி உள்ள சந்தையாக இருந்தால் கூலி எகிறியிருக்க வேண்டும். தமிழருக்கு அது பழைய 50 காசைச் சுற்றியே நின்றது.

பக்கத்திலேயே பால் வெட்டிய சீனத் தொழிலாளர்கள் கணிசமாகக் கூடுதலாக வாங்கினார்கள். மரம் ஒன்று, வேலை ஒன்று, பால் ஒன்று. சீனர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ்க் குழுவாக வந்தார்கள். தோட்டத்து லயத்தையே நம்பியிருக்கவில்லை. கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் ஈயச் சுரங்கமோ வேறு வேலையோ தேடிக் குழு முழுவதும் கிளம்பிவிடும். கேட்பவர் ஒருவர், அவர் பின்னால் நிற்பவர்கள் பலர். திறமையில் வித்தியாசம் என்று துரைமார் சொன்ன விளக்கத்தை நான் ஏற்கவில்லை. வித்தியாசம் வெளியேறும் வழியில் இருந்தது.

இதன் உள்கணக்கை 1933-ல் ஜோன் ராபின்சன் என்ற கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் தெளிவாக வகுத்துக் காட்டியிருந்தார். ஒரு கற்பனைத் தோட்டத்தை வைத்துப் பார்ப்போம். 50 காசுக்கு 100 பேர் வேலைக்கு வருகிறார்கள். இன்னும் ஒருவர் வேண்டுமானால் கூலியை ஒரு காசு கூட்ட வேண்டும். ஒவ்வொருவர் உழைப்பாலும் தோட்டத்துக்கு வருவது நாளுக்கு 150 காசு என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம்.

நூற்றியோராவது ஆளை எடுக்க என்ன செலவு? அவருக்கு 51 காசு. ஆனால் அவருக்கு 51 கொடுத்தால் மற்ற 100 பேருக்கும் அதே கூலி தர வேண்டும். அது இன்னொரு 100 காசு. ஆக, ஓர் ஆளுக்காக ஆகும் கூடுதல் செலவு 151 காசு, வரவு 150. துரை அவரை எடுக்கமாட்டார். நூறு பேரோடு நிறுத்திக்கொண்டு, "ஆள் கிடைக்கவில்லை" என்பார். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டே கூலியை உயர்த்தாமல் இருப்பது, இந்த ஆதிக்கத்தைக் கண்டுபிடிக்க உதவும் நல்ல அடையாளம்.

இப்போது தொழிலாளர் சங்கம் ஒப்பந்தம் போடுகிறது: எல்லோருக்கும் 60 காசு, அதற்குக் கீழே யாரையும் எடுக்கக் கூடாது. அந்தக் கூலிக்கு 110 பேர் வருவார்கள். நூற்றியோராவது ஆளுக்கு இப்போது ஆகும் செலவு வெறும் 60 காசு, ஏனென்றால் மற்றவர்களின் கூலி ஏற்கெனவே 60 ஆகிவிட்டது. 110 பேரையும் எடுப்பதுதான் துரைக்கு லாபம். முன்பு அவருக்கு மிஞ்சியது நாளுக்கு 100 வெள்ளி, இப்போது 99. ஒரு வெள்ளி குறைந்தது. கூலி ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது, பத்துப் பேருக்குப் புதிதாக வேலையும் கிடைத்தது.

கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்பது போட்டிச் சந்தையில்தான் விதி. முதலாளி கூலியை அமுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஓர் எல்லைவரை இரண்டுமே உயரும். எல்லை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது: நம் தோட்டத்தில் கூலி 150 காசைத் தாண்டினால் ஒருவரையும் வைத்திருக்க முடியாது. 50-க்கும் 150-க்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைக் கணக்கு சொல்லாது. யாரால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதே அதைச் சொல்லும்.

1941-ல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர். சீனருக்குச் சமமான கூலி முதல் கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்கள் மீதான அத்துமீறல் நிற்க வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கத் தேவையில்லை, தொழிலாளர் சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்று பட்டியல் நீண்டது. துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் மனிதன் கூலி பேச முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தோட்டக்காரர்கள் சில காசுகளை விட்டுக்கொடுத்தார்கள். சங்கத்தை மட்டும் அங்கீகரிக்க மறுத்தார்கள். காசைவிடச் சங்கம்தான் அவர்களுக்கு ஆபத்து, ஏனென்றால் கொடுத்த காசைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். தோட்டங்கள் கொந்தளித்தன. துருப்புகள் வந்தன, சுட்டார்கள், தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

முறையான கூட்டு ஒப்பந்தம் நிலைபெறப் போருக்குப் பின் பல ஆண்டுகள் ஆயின. 1954-ல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இணைந்து, பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முதலாளிகள் ஒன்றாக உட்காரும் மேசைக்கு எதிரே தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ரப்பர் விலை ஏறினால் கூலியும் ஏறும் ஏற்பாடு ஒப்பந்தங்களில் இடம்பெற்றது. விலை சரிந்தபோது கூலியும் சரிந்ததால், அந்த ஏற்பாடு தொழிலாளிக்கு முழு நன்மையாக இருந்தது என்று சொல்ல முடியாது.

இன்று தோட்டங்களில் தமிழர் குறைவு. செம்பனைக் குலை வெட்டுபவர்களில் மிகப் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களின் வேலை அனுமதி ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. அவரை விட்டு விலகினால் நாட்டில் தங்கும் உரிமையே ஆட்டம் காணும். 1941-ல் எல்லாத் தோட்டங்களும் கூடிப் பேசிச் செய்ததை இன்று ஓர் அனுமதிச் சீட்டு செய்கிறது.

2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் ஒரு தரையைப் போட்டிருக்கிறது. அதற்கு மேலே என்ன கிடைக்கும் என்பதைப் பேரம்தான் முடிவு செய்யும். மலேசியத் தொழிலாளர் நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேரே சங்க உறுப்பினர்கள். வெளிநாட்டுத் தொழிலாளி சங்கத்தில் சேரச் சட்டம் இடம் தருகிறது. அவரைச் சேர்க்காமல் உள்ளூர்த் தொழிலாளி மட்டும் பேரம் பேசினால், மலிவான கூலிக்கு ஆள் எப்போதும் பக்கத்து லயத்திலேயே இருப்பார். உங்கள் வேலையிடத்தில் சங்கம் இருந்தால், அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன் அந்த மனிதரை உறுப்பினராக்குங்கள்.